கேபிளில் வராத எண்

பழைய 17 அங்குல எல்சிடி மானிட்டர் ஒன்றை விஜிஏ கேபிளில் இணைத்து வேலை செய்பவர்கள் பலர் ஒரே குறையைச் சொல்வார்கள். எழுத்து மங்கலாக இருக்கிறது, சில இடங்களில் நடுங்குகிறது, திரையின் ஒரு பகுதியில் தெளிவாகவும் பக்கத்திலேயே குழம்பியும் தெரிகிறது. வயதாகிவிட்டது, பேனல் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி மானிட்டரை ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆனால் எல்சிடி பேனல் வயதானால் அதன் பின்விளக்கு மங்கும், வெள்ளை மஞ்சளாகும். எழுத்தின் ஓரம் குழம்பாது. கண்ணாடிக்குள் ஒவ்வொரு பிக்சலும் ஓரிடத்தில் நிலையாகப் பதிந்திருக்கிறது. அது பக்கத்துப் பிக்சலுக்குள் கசிய வழியில்லை.

இதை நொடியில் சோதித்துப் பார்க்கலாம். மானிட்டரின் முன்பக்கப் பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவைத் திரையில் வரவழையுங்கள். மெனுவின் எழுத்து கூர்மையாக இருந்து, அதற்குப் பின்னால் தெரியும் கணினியின் எழுத்து மட்டும் மங்கலாக இருந்தால் பேனலில் குற்றமில்லை. மெனுவை மானிட்டரே தன் உள்ளே உருவாக்கி நேராகப் பேனலுக்கு அனுப்புகிறது. கணினியின் படமோ கேபிள் வழியாக மின்னழுத்தமாக வந்து, அளக்கப்பட்டு, எண்ணாக மாறிய பிறகுதான் பேனலைச் சேர்கிறது. கோளாறு அந்த அளவெடுப்பில் இருக்கிறது. ஆட்டோ அட்ஜஸ்ட், கிளாக், ஃபேஸ் என்ற மூன்று அமைப்புகளும் அதைச் சரிசெய்யத்தான் இருக்கின்றன.

விஜிஏ 1987இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிஎஸ்/2 கணினிகளோடு வந்தது. அப்போதைய மானிட்டர் என்றால் படக்குழாய் மானிட்டர். எலெக்ட்ரான் கற்றை திரையில் இடமிருந்து வலமாக ஓடும். அது ஓட ஓட, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கம்பிகளில் வரும் மின்னழுத்தம் அதன் பிரகாசத்தை ஏற்றி இறக்கும். சுழியிலிருந்து 0.7 வோல்ட் வரைக்கும் உள்ள அழுத்தம்தான் படம். அதோடு இரண்டு துடிப்புகள் வரும்: ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குகிறது என்று சொல்வது ஒன்று, ஒரு முழுத் திரை முடிந்தது என்று சொல்வது இன்னொன்று. இவ்வளவு போதும். கற்றைக்குப் பிக்சல் என்ற கணக்கே தேவையில்லை. அழுத்தம் மாறும் இடத்தில் நிறம் மாறும், அவ்வளவுதான். அதனால் படக்குழாய் மானிட்டரில் கிளாக், ஃபேஸ் என்று எதுவும் கிடையாது. அதில் படம் மங்கினால் காரணம் குவியத்தில் இருக்கும். அது வேறு கதை.

எல்சிடி வந்தபோது கேபிள் அதேதான், ஆனால் பெறுபவர் மாறிவிட்டார். 1280 கட்டங்கள் வரிசையாக உள்ள பேனலுக்கு 1280 தனித்தனி எண்கள் வேண்டும். கேபிளில் வருவதோ இடைவெளியில்லாமல் ஏறி இறங்கும் ஒரே அலை. ஒரு பிக்சல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்கான குறி அதில் இல்லை. கணினியின் கிராபிக்ஸ் சில்லு ஒரு கடிகாரத்தின் தட்டுக்கு ஒரு பிக்சலாகத்தான் படத்தை அனுப்புகிறது. ஆனால் அந்தக் கடிகாரத்துக்கு விஜிஏ கேபிளில் கம்பி ஒதுக்கப்படவில்லை. மானிட்டர் அதை ஊகித்தாக வேண்டும். மங்கலான படம் என்பது பெரும்பாலும் தவறிப்போன ஊகம்.

ஊகிக்க வேண்டிய எண் எது என்பதை ஒரு நிலையான உதாரணத்தில் பார்ப்போம். 17 அங்குலத்திலும் 19 அங்குலத்திலும் வந்த பழைய சதுர வாட்ட மானிட்டர்கள் பலவற்றின் இயல்பான ரெசல்யூஷன் 1280×1024. இதை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப வெசா அமைப்பு வகுத்த அளவின்படி, பிக்சல்கள் நொடிக்கு 10.8 கோடி வீதம், அதாவது 108 மெகாஹெர்ட்ஸில் வருகின்றன. ஒரு பிக்சலுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 9.26 நானோ விநாடி. ஒரு வரியில் 1280 பிக்சல்தான் கண்ணுக்குத் தெரியும் என்றாலும், வரியின் முழு நீளம் 1688 பிக்சல் நேரம். மீதி 408, கற்றை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்புவதற்காக அன்று விடப்பட்ட வெற்று நேரம். கற்றை போய்விட்டது, அந்த வெற்று நேரம் மட்டும் நின்றுவிட்டது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணைக் கணினியிடமே கேட்கலாம். `xrandr --verbose` என்று தட்டினால் இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்புக்கு இப்படி வரும்:

```
1280x1024 108.000MHz +HSync +VSync
  h: width 1280 start 1328 end 1440 total 1688
  v: height 1024 start 1025 end 1028 total 1066
```

முதல் வரிக்குக் கீழே `total` என்று இருக்கும் 1688தான் கேபிளில் வராத எண். மானிட்டருக்கு வரியின் தொடக்கத்தைச் சொல்லும் துடிப்பு மட்டும் வருகிறது, நொடிக்கு ஏறத்தாழ 63,980 முறை. உள்ளே இருக்கும் சுற்று அந்தத் துடிப்பை 1688ஆல் பெருக்கித் தனக்கென ஒரு கடிகாரத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தக் கடிகாரத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு முறை அழுத்தத்தை அளக்கிறது. மெனுவில் Clock அல்லது Pixel Clock என்று இருப்பது இந்தப் பெருக்கும் எண்ணைத்தான் மாற்றுகிறது. சாம்சங் மானிட்டர்களில் இதற்குப் பெயர் Coarse. சில மானிட்டர்கள் உண்மையான எண்ணைக் காட்டும். பல 0 முதல் 100 வரை காட்டி நடுவில் 50 வைத்திருக்கும். எதுவானாலும் ஒரு படி நகர்த்தினால் பெரும்பாலும் வரியின் மொத்த எண் ஒன்று கூடும் அல்லது குறையும்.

பெருக்கும் எண் பிசகினால் என்ன ஆகும்? நெருங்கிய பற்களுள்ள இரண்டு சீப்புகளை, ஒன்றில் பற்களின் இடைவெளி மிகச் சிறிதே வேறாக இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் சில இடங்களில் பல்லும் பல்லும் பொருந்தும், சில இடங்களில் பல் இடைவெளியை அடைத்து இருண்ட பட்டை தெரியும். இங்கும் அதேதான். 1688 பிக்சல் வரும் நேரத்தில் மானிட்டர் 1696 முறை அளந்தால், 212 அளவுகளுக்கு ஒரு முறை அது முழுதாக ஒரு பிக்சல் நழுவுகிறது. அந்த நழுவலின் நடுவே, பிக்சலின் மையத்தை அளக்க வேண்டிய நேரத்தில் இரண்டு பிக்சல்கள் சந்திக்கும் ஓரத்தை அளக்கிறது. அங்கே எழுத்து குழம்புகிறது. 1280 பிக்சல் அகலத்தில் இது ஆறு முறை நிகழும். திரையில் மேலிருந்து கீழாக ஆறு மங்கல் பட்டைகள் தெரியும். பட்டைகளின் எண்ணிக்கையை வைத்தே எவ்வளவு பிசகு என்று கணக்கிடலாம் என்பது எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி. மூன்று பட்டை என்றால் நான்கு பிசகு. ஒன்றிரண்டு என்றால் இரண்டு பிசகு. ஒன்று மட்டும் பிசகினால்தான் சிக்கல்: அந்த ஒரே பட்டை திரையில் பாதி தெரியலாம், அல்லது கண்ணுக்குத் தெரியாத அந்த 408க்குள் ஒளிந்துகொண்டு, திரையின் ஒரு பக்கம் மட்டும் சற்று மென்மையாகத் தெரியலாம்.

ஃபேஸ் என்பது இதற்கு அடுத்த கேள்வி. கிளாக் சரியாகி 1688 பிக்சலுக்கு 1688 முறை அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒவ்வோர் அளவும் பிக்சலின் எந்தக் கணத்தில் எடுக்கப்படுகிறது? 9.26 நானோ விநாடியில் தொடக்கப் பகுதி முந்தைய நிறத்திலிருந்து ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும். அதற்குப் பிறகுதான் அழுத்தம் அடங்கி நிலைக்கும். அடங்கிய இடத்தில் அளந்தால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வரும். ஏறும் இடத்தில் அளந்தால் சாம்பல் வரும். அது மட்டுமின்றி, கடிகாரத்தில் உள்ள மிகச் சிறிய நடுக்கமும் அந்தச் செங்குத்தான ஏற்றத்தில் பெரிய வேறுபாடாக மாறுவதால் எழுத்தின் ஓரம் ஓயாமல் துடிக்கும். ஒரு காலத்தில் இத்தகைய மானிட்டர்களுக்கென வந்த அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடி9883 சில்லு, ஒரு பிக்சல் நேரத்தை 32 படிகளாகப் பிரித்து, அளக்கும் கணத்தை ஒவ்வொரு படியாக நகர்த்தும். 1280×1024இல் ஒரு படி என்பது 0.29 நானோ விநாடி. மெனுவில் Phase, சாம்சங்கில் Fine.

ஆகவே வரிசை முக்கியம். கிளாக் தவறாக இருக்கும்போது ஃபேஸை எவ்வளவு திருகினாலும் பட்டைகள் இடம் மாறுமே தவிர மறையாது. முதலில் கிளாக், அதன்பின் ஃபேஸ்.

ஆட்டோ அட்ஜஸ்ட் பொத்தான் இந்த இரண்டையும் தானே செய்ய முயல்கிறது. அது எப்படிச் செய்கிறது என்று தெரிந்தால், எப்போது ஏமாறும் என்றும் தெரிந்துவிடும். வரியின் வேகத்தையும் மொத்த வரிகளின் எண்ணிக்கையையும் அளந்து, தன்னிடமுள்ள அட்டவணையில் இது 1280×1024, எனவே 1688 என்று தொடக்க எண்ணை எடுத்துக்கொள்ளும். பிறகு படத்தில் கறுப்பல்லாத முதல் பிக்சல் எந்த நிரலில் இருக்கிறது, கடைசி எதில் இருக்கிறது என்று தேடும். இரண்டுக்கும் இடையிலுள்ள அகலம் 1280 ஆகும் வரை பெருக்கும் எண்ணைத் திருத்தும். கடைசியாக ஃபேஸை ஒவ்வொரு படியாக நகர்த்தி, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையிலான வேறுபாடுகளைக் கூட்டிப் பார்க்கும். அந்தக் கூட்டுத்தொகை எந்தப் படியில் மிகுதியோ அதுவே கூர்மையான படி என்று நிறுத்திக்கொள்ளும்.

இதில் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. படத்தின் ஓரங்கள் வெளிச்சமாக இருக்கின்றன என்பது ஒன்று. படத்தில் நுணுக்கமான கறுப்பு வெள்ளை மாற்றங்கள் நிறைய இருக்கின்றன என்பது மற்றொன்று. இரவு வானத்தைப் பின்னணியாக வைத்திருக்கும் திரையிலோ முழுக் கறுப்பில் நாலு வரி ஓடும் திரையிலோ இரண்டும் பொய். ஒரு முழுத்திரைப் படத்தின் வலது ஓரத்தில் ஆறு நிரல்கள் முழுக் கறுப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுங்கள். மானிட்டர் 1274 பிக்சல் அகலமே காண்கிறது. அதை 1280 ஆக்க வேண்டும் என்று 1688ஐ 1280/1274ஆல் பெருக்குகிறது, கிடைப்பது 1696. மேலே பார்த்த அதே எட்டுப் பிசகு, அதே ஆறு பட்டைகள். கண்ணுக்கே தெரியாத ஒரு கறுப்பு விளிம்பு இவ்வளவு செய்துவிடும்.

இதைவிடவும் அடிக்கடி நடப்பது வேறு. பல மானிட்டர்கள் ஒரு ரெசல்யூஷனை முதன்முறை காணும்போது யாரும் கேட்காமலே ஆட்டோ அட்ஜஸ்டை ஓட்டிவிடும். கணினி தொடங்கும்போது வரும் கறுப்புத் திரையில் அது நடந்துவிட்டால், அந்தத் தவறான எண்ணே நினைவில் பதிந்துவிடும். வாங்கிய நாள் முதலே மங்கல் என்று சொல்லப்படும் மானிட்டர்களில் பலவற்றின் கதை இதுவாக இருக்க வாய்ப்புண்டு.

எனவே ஆட்டோ அட்ஜஸ்டுக்கு நல்ல படம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மூன்று ஆயத்தங்கள். கணினியின் ரெசல்யூஷன் பேனலின் இயல்பான அளவாக இருக்க வேண்டும். 1280×1024 பேனலுக்கு 1024×768 அனுப்பினால் மானிட்டர் படத்தை இழுத்து நீட்டும், அந்த மங்கலை எந்தக் கிளாக்கும் நீக்காது. இயல்பான அளவு பட்டியலிலேயே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வது 12, 15 ஆகிய ஊசிகள் வழியாக. மலிவான கேபிள்களிலும் பழைய கேவிஎம் பெட்டிகளிலும் இவை இணைக்கப்படாமல் இருக்கலாம். அடுத்து, ரெஃப்ரெஷ் 60 ஹெர்ட்ஸ் போதும். படக்குழாய்க் காலத்துப் பழக்கத்தில் 75 வைத்திருப்பவர்கள் உண்டு. 75இல் பிக்சல் வேகம் 135 மெகாஹெர்ட்ஸாகி, ஒரு பிக்சலுக்கான நேரம் 9.26இலிருந்து 7.41 நானோ விநாடியாகச் சுருங்கும். அழுத்தம் அடங்கி நிலைத்திருக்கும் நேரம் குறைந்துவிடும். எல்சிடி படக்குழாயைப்போல 60இல் சிமிட்டுவதில்லை என்பதால் அலுவலக வேலைக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. மூன்றாவது, மானிட்டர் அரை மணி நேரமாவது ஓடிச் சூடேறியிருக்கட்டும். உள்ளிருக்கும் சுற்று சூடாகச் சூடாக ஃபேஸ் ஓரிரு படி நகரக்கூடும்.

படத்துக்கு ஒற்றைப் பிக்சல் சதுரங்கக் கட்டமே போதும்: ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை, அடுத்த வரியில் மாற்றி. ஓரங்களில் வெள்ளைப் பிக்சல் இருப்பதால் விளிம்பு கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலிலும் நிறம் மாறுவதால் ஃபேஸைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சான்று இல்லை. இமேஜ்மேஜிக் நிரல் இருந்தால் ஒரே கட்டளை:

```
magick -size 1280x1024 pattern:gray50 kattam.png
```

விண்டோஸில் பெயின்ட் நிரலில் 2×2 பிக்சல் அளவில் படம் வைத்து, மூலைவிட்டமாக இரண்டைக் கறுப்பாக்கிச் சேமித்து, டெஸ்க்டாப் பின்னணியாக வைத்து Tile என்று தேர்ந்தாலும் சரிதான். திரையின் அளவுப்பெருக்கம் 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். படம் கொஞ்சம்கூடப் பெரிதாகவோ சிறிதாகவோ காட்டப்படக் கூடாது. இந்தக் கட்டத்தைத் திரை முழுக்க வைத்து ஆட்டோ அட்ஜஸ்டை அழுத்தினால், பெரும்பாலான மானிட்டர்கள் அங்கேயே சரியாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் திரை முழுவதும் ஒரே சீரான சாம்பலாகவும், கிட்டப் போனால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகவும் தெரிய வேண்டும்.

சரியாகாத மானிட்டரை ஒன்றாகப் பின்தொடர்ந்து பார்ப்போம். மேலே சொன்ன எட்டுப் பிசகுள்ள 17 அங்குலம். கட்டத்தை வைத்ததும் திரையில் மேலிருந்து கீழாக ஆறு மங்கல் பட்டைகள், அவற்றுக்கிடையே தெளிந்த பகுதிகள். பிசகு கூடுதலா குறைவா என்பதைப் பட்டைகளின் எண்ணிக்கை சொல்லாது, எனவே கிளாக்கை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். பட்டைகள் நெருங்கி ஏழாகப் போனால் திசை தவறு. இறக்கினால் அவை அகன்று, எண்ணிக்கை குறையும். நான்கு படி இறக்கியதும் மூன்று. ஆறாவது படியில் அகன்ற பட்டை ஒன்றோ இரண்டோ. ஏழாவது படியில், 1689இல், பட்டை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வலது பக்கம் சற்று மங்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். பலர் இங்கேயே திருப்தியடைந்து நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தலாமா என்பதை ஃபேஸ் சொல்லிவிடும். ஃபேஸை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நகர்த்துங்கள். மங்கல் பகுதி திரையில் பக்கவாட்டில் ஊர்ந்து செல்கிறது என்றால் கிளாக் இன்னும் பிசகியே இருக்கிறது. திரை முழுவதும் ஒரே நேரத்தில் குழம்பி, ஒரே நேரத்தில் தெளிந்தால் கிளாக் சரி. 1689இல் அது ஊர்கிறது. இன்னொரு படி இறக்கி 1688க்கு வந்ததும் முழுத் திரையும் ஒன்றாக மாறுகிறது. கண்ணால் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியவில்லை. பட்டைகளை எண்ணுவதில் ஏமாறலாம், இதில் ஏமாறுவது கடினம்.

இனி ஃபேஸ். மிகக் கூர்மையான படியை நேரடியாகத் தேடுவதைவிட மிக மோசமான படியைத் தேடுவதே எளிது. கூர்மையில் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மோசமான இடத்திலோ கட்டம் தட்டையான சாம்பலாகி, புள்ளிகள் பொரிந்து ஆடும். இந்த மானிட்டர் 0 முதல் 31 வரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 9இல் மிக மோசம். 4 முதல் 14 வரை ஆட்டம் தெரிகிறது. 15இல் அடங்கி, 31 வரை அமைதி. 31க்கு அடுத்தது 0 என்பதால் 3 வரையிலும் அமைதி நீள்கிறது. மொத்தம் 21 அமைதியான படிகள், அவற்றின் நடுவில் 25. அதுவே அமைக்க வேண்டிய இடம். மோசமான 9இலிருந்து சரியாகப் பாதிச் சுற்று, 16 படி, தள்ளியிருப்பதைக் கவனியுங்கள். அமைதிப் பகுதியின் ஓரத்தில் நிறுத்தினால் இன்று நன்றாக இருக்கும். காலையில் குளிர்ந்த மானிட்டரைப் போட்டதும் மறுபடி ஆடும். நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் இடமிருக்கிறது.

ஃபேஸை 31இலிருந்து 0க்குத் தாண்டும்போது சில மானிட்டர்களில் படம் முழுவதும் ஒரு பிக்சல் இடம்பெயரும். திரையின் நான்கு ஓரத்திலும் ஒற்றைப் பிக்சல் கோடு வரைந்த படம் ஒன்றை வைத்து, நான்கு கோடும் தெரிகின்றனவா என்று பார்த்து, தேவையானால் கிடைமட்ட நிலையை ஒன்று நகர்த்திவிட்டால் முடிந்தது.

கட்டத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயம் குழப்பலாம். பேனல் தன் பிக்சல்களுக்கு மின்னழுத்தத்தை மாற்றி மாற்றித் தருவதால், ஒற்றைப் பிக்சல் சதுரங்கக் கட்டம் சில பேனல்களில் லேசாகச் சிமிட்டும், சிலவற்றில் பச்சை சாயல்கூடத் தெரியும். ஃபேஸை நகர்த்தும்போது அந்தச் சிமிட்டல் மாறாமல் அப்படியே இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். சாதாரண எழுத்திலும் படத்திலும் அது தெரியாது.

கட்டத்தை எடுத்துவிட்டு, எழுத்தில் சரிபார்க்க வேண்டும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதற்கு நல்ல அளவுகோல் கையிலேயே இருக்கிறது. சிறிய எழுத்தளவில், 9 அல்லது 10 புள்ளியில், க், க, ண, ன, ணை, றை என்று தட்டிப் பாருங்கள். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி திரையில் ஓரிரு பிக்சல்தான். ஃபேஸ் பிசகினால் அது பக்கத்துப் பிக்சலோடு பங்கு போட்டுக்கொண்டு வெளிறும். க்-உம் க-வும் ஒன்றுபோலத் தெரிந்தால் மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது கண் வலி மட்டுமல்ல, பிழையும் ஆகும். ண-வின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் தெளிவாகத் தெரிகிறதா என்பதும் அதே சோதனைதான். விண்டோஸின் கிளியர்டைப் எழுத்து மென்மையாக்கம், பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்துவதால், ஃபேஸ் தவறினால் எழுத்தோரத்தில் நிறச் சாயல் வரும். எனவே கிளியர்டைப் அமைப்பைத் தொடுவதானால் இத்தனையும் முடிந்த பிறகே தொடுங்கள்.

இந்த முறைக்குக் கட்டுப்படாத மங்கல்களும் உண்டு. அவற்றில் ஒன்று விரிவாகச் சொல்லத் தக்கது. 18.5 அங்குல அகலத்திரை மானிட்டர்கள் பலவற்றின் அளவு 1366×768. இதற்கு வரியின் மொத்தம் 1792, திரையின் மொத்த வரிகள் 798, வரிவேகம் 47.712 கிலோஹெர்ட்ஸ். 1280×768க்கோ வரியின் மொத்தம் 1664, வரிகள் அதே 798, வரிவேகம் 47.776 கிலோஹெர்ட்ஸ். மானிட்டருக்குத் தெரிவது வரிகளின் எண்ணிக்கையும் வேகமும் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள்; எண்ணிக்கை ஒன்றே, வேகத்தில் வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அட்டவணையில் தவறான வரியை எடுத்துக்கொண்டால் பிசகு எட்டல்ல, 128. கிளாக்கின் படிகள் அவ்வளவு தூரம் போகாமலும் இருக்கலாம். படம் முழுக்க நெருக்கமான பட்டைகளால் நிறைந்து, எங்கு பார்த்தாலும் ஒரேபோல் மங்கலாகத் தெரியும், அகலமும் பொருந்தாது. ஒரு வட்டத்தை வரைந்து அது முட்டையாகத் தெரிகிறதா என்று பார்த்தால் புரிந்துவிடும். சில மானிட்டர்களின் மெனுவில் இந்த இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கிறது. இல்லையென்றால் கணினியில் 1360×768க்கு மாற்றிப் பார்க்கலாம்; அதன் மொத்த வரிகள் 795 என்பதால் மானிட்டருக்குக் குழப்பம் வராது, இழப்பது ஆறு நிரல்கள் மட்டுமே.

இன்னொன்று நிழல். எழுத்தின் வலப்பக்கத்தில் அதே எழுத்து மங்கலாக மறுபடியும் தெரிந்தால் அது அளவெடுப்பின் குற்றமல்ல, கேபிளில் எதிரொலி. கேபிளும் அதன் இரு முனைகளும் 75 ஓம் தடையில் ஒத்துப்போக வேண்டும். இடையில் நீட்டிப்புக் கேபிள் செருகிய இடத்திலோ தரமற்ற கேபிளிலோ அது ஒத்துப்போகாதபோது மின்னலையில் ஒரு பகுதி திரும்பி ஓடி, மறுபடி திரும்பி வரும். மின்னலை ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோ விநாடி. இணைப்பு மானிட்டரிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தால் போய்வர மூன்று மீட்டர், 15 நானோ விநாடி. 1280×1024இல் நிழல் ஒன்றரைப் பிக்சல் தள்ளி விழும். நிழலின் தூரம் ஃபேஸை மாற்றினால் மாறாது. நீட்டிப்பை எடுத்துவிட்டு, இரு முனையிலும் தடித்த உருளை உள்ள, குட்டையான ஒரே கேபிளைப் போடுவதே வழி.

1920×1080 மானிட்டரை விஜிஏவில் இணைத்தால் பிக்சல் வேகம் 148.5 மெகாஹெர்ட்ஸ், ஒரு பிக்சலுக்கு 6.7 நானோ விநாடி. ஃபேஸில் அமைதியான படிகள் குறையும். நல்ல கேபிளில் தெளிவு கிடைக்கும், ஆனால் 1280×1024இல் கிடைப்பதுபோல எளிதில் கிடைக்காது. அந்த மானிட்டரில் டிவிஐ அல்லது எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். அவற்றில் பிக்சல் கடிகாரத்துக்குத் தனிக் கம்பியிணை இருக்கிறது, ஊகிக்க ஒன்றுமில்லை. ஆனால் புதிய மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ-விஜிஏ மாற்றி வழியாகப் பழைய மானிட்டருக்குப் போனால், மாற்றிக்குப் பிறகு வருவது மறுபடியும் கடிகாரமில்லாத விஜிஏதான். அதே ஊகம், அதே சரிசெய்தல்.

சரிசெய்த எண்களை மானிட்டர் ஒவ்வொரு ரெசல்யூஷனுக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் அவை அழிந்துவிடும். கேபிளையோ கணினியையோ மாற்றினால் கிளாக் அப்படியே பொருந்தும், ஏனெனில் 1688 வெசா அளவு. ஆனால் துடிப்பும் படமும் மானிட்டரை வந்தடையும் நேரத்தின் இடைவெளி சில நானோ விநாடியில் மாறியிருக்கும் என்பதால் ஃபேஸை மட்டும் மீண்டும் தேட வேண்டும். 25 என்பதைக் கிளாக் எண்ணோடு சேர்த்து மானிட்டரின் பின்புறம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைத்தால், யாராவது அந்தக் கணினி கறுப்புத் திரையில் இருக்கும்போது ஆட்டோ பொத்தானை அழுத்திவிட்டாலும் திரும்பிவர அரை நிமிடம் போதும்.